சின்னக் கடனா, கார்டா: எதை முதலில் அடைப்பது? கேள்வி பதில்

அக்கா, கார்டில் 40,000 பாக்கி, மாதம் 3% வட்டி. ஒரு தனிக்கடன் 9,000, ஆண்டுக்கு 12%, தவணை 800. மாதம் 3,000 கூடுதலாகக் கட்டலாம். சின்னக் கடனை முதலில் முடிக்கும் ஸ்னோபாலா, அதிக வட்டி முதலிலா?

கார்டு முதலில். அந்த 3,000 கார்டுக்குப் போனால் அடுத்த மாத வட்டியில் 90 குறையும், தனிக்கடனுக்குப் போனால் 30தான். ஸ்னோபாலில் தனிக்கடன் மூன்றாம் மாதம் முடிந்துவிடும். ஆனால் அப்போது கார்டு பாக்கி மற்ற முறையைவிட சுமார் 7,000 அதிகமாக நிற்கும். முடிந்த கடனின் தவணை 800ஐயும் கார்டில் சேர்த்துக் கட்டினால் அந்த இடைவெளி மெல்ல மூடும். மாதாமாதம் எழுதிக் கூட்டினால் வீணாகும் வட்டி 800, 900 வரும்.

எந்த வழியானாலும் கார்டுக்குக் கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள். பாக்கி குறையக் குறைய மினிமம் தொகையும் இறங்கும். அதைப் பின்தொடர்ந்தால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும்.

ஸ்னோபால் மனசைத் தேற்றத்தான். கணக்குப்படி அது தப்பு, அவ்வளவுதானே?

பாதி சரி. வட்டி கூடும், உண்மை. ஆனால் ஒரு கடன் முடிந்தால் கட்டாயத் தவணை ஒன்றும் போகிறது. வருமானம் குறைந்த மாதத்தில் அந்த 800 பெரிய விஷயம்.

அதற்குத்தானே கையில் சேமிப்பு வைக்கச் சொல்கிறோம்?

வைத்திருப்பவருக்கு நீங்கள் சொல்வது சரி. நான்கு தவணைகளோடு சேமிப்பே இல்லாதவரிடம், 900 வட்டி போனாலும் சின்னதை முடியுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

கார்டு ஆண்டுக்கு 24%, இன்னொரு கடன் 12% ஃப்ளாட். பாதி வட்டிதானே, அது கடைசியில்தானே?

பாதி இல்லை. 12,000 வாங்கி 12 மாதத்தில் அடைத்தால் ஃப்ளாட் வட்டி 1,440, தவணை 1,120. ஆறு மாதத்தில் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் முழு 12,000க்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். உண்மை விகிதம் 21, 22% ஆகிவிடும். கார்டை ஒட்டி வந்துவிட்டது, பார்த்தீர்களா?

அப்புறம், முன்கூட்டியே முடித்தால் மீதி மாத வட்டியைத் தள்ளுவார்களா என்று கேளுங்கள். தள்ளாவிட்டால் சீக்கிரம் அடைப்பதில் ஒரு பைசா மிச்சமில்லை. கூடுதல் பணம் முழுக்கக் கார்டுக்கே போகட்டும்.

தம்பிக்குக் கொடுத்த கடன் திரும்ப வரவில்லை, எந்த முறை சரி?

இங்கே பேசுவது நாம் கட்ட வேண்டிய கடனைப் பற்றி. தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கார்டு 20,000, கடன் 5,000. எது முதலில்?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. முதல் பதிலில் உங்கள் எண்களைப் போடுங்கள். கார்டை இன்னும் தேய்க்கிறீர்களா என்று எழுதவே இல்லையே? பாக்கி இருக்கும்போது வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. புதிதாக வாங்குவதற்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும். முதலில் கார்டை வீட்டில் வையுங்கள்.