ஆட்டின் கண் இமையைப் பார்த்துக் குடற்புழு மருந்து கொடுப்பது எப்படி?

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆடுகளுக்கும் தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரண்டு மூன்று ஆடுகள் வெளிறிப்போய் இறந்துவிடுகின்றன. கண் இமையைப் பார்த்து மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?

கோவில்பட்டிப் பக்கம் கன்னி ஆடுகளை மேய்ச்சலில் வளர்க்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது.

மழைக்காலத்தில் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு. அது நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், புழுக்கையோடு விழுந்த முட்டை ஒரு வாரத்திலேயே குஞ்சுப் புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் வயிற்றில் சுமார் மூன்று வாரத்தில் அது வளர்ந்து, மறுபடி முட்டையிடத் தொடங்கும். ஆகவே ஐப்பசி முதல் நாள் மருந்து கொடுத்துவிட்டுத் தை வரை காத்திருந்தால், இடையில் புழு பல தலைமுறை பெருகிவிடும். மூன்று மாதக் கணக்கு கோடையில் தாங்கும், அடைமழையில் தாங்காது.

நான் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், வறண்ட மாதங்களில் மாதம் ஒருமுறையும் எல்லா ஆடுகளின் இமையையும் பார்க்கிறேன். காலையில், மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன், வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொட்டகை நிழலில் எல்லா இமையும் வெளிறித்தான் தெரியும். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி, கண்விழி சற்று உள்ளே போகும்படி மெதுவாக அழுத்துங்கள். மற்றக் கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்தால் உட்சவ்வு பிதுங்கி வெளியே வரும். அந்தச் சவ்வின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நொடியில் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறும். இரண்டு கண்களையும் பார்த்து, எது வெளிறியிருக்கிறதோ அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இருக்கிறது. நல்ல சிவப்பு 1, செம்மை கலந்த இளஞ்சிவப்பு 2, இளஞ்சிவப்பு 3, வெளிறிய இளஞ்சிவப்பு 4, வெள்ளை 5. 4, 5 என்றால் அன்றே மருந்து. 3 என்றால் குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு, மெலிந்த ஆடு ஆகியவற்றுக்குக் கொடுத்துவிடுவேன். 1, 2 உள்ளவற்றுக்குக் கொடுப்பதில்லை. கையில் மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் விடுவது முதலில் மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் எல்லா ஆட்டுக்கும் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே மிஞ்சி, அதுவே மேய்ச்சல் காடு முழுவதும் பரவும். மருந்து படாத ஆடுகளிலிருந்து விழும் முட்டைகள் அந்தப் பிடிவாதப் புழுவைப் பெருகவிடாமல் நீர்த்துப்போகச் செய்கின்றன. அட்டையின் படத்தைக் கைப்பேசியில் வைத்து ஒப்பிடாதீர்கள், திரைக்குத் திரை நிறம் வேறுபடும்.

ஒரு கார்த்திகை மாதத்தில், இருபத்தாறு ஆடுகளில் நான்கின் இமை வெளிறியிருந்தது. இரட்டைக்குட்டி ஈன்று ஒரு மாதமான பெட்டைக்கு இமை காகிதம் போல இருந்தது, மாலையில் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. ஈனும் சமயத்தில் பெட்டையின் எதிர்ப்புச் சக்தி குறைந்து புழு பெருகும் என்பதால் அவளைத்தான் முதலில் பிடித்தேன். எடை 22 கிலோ. 2.5 சதவீத அல்பெண்டசோலை, செம்மறிக்குச் சொல்லும் அளவில், சுமார் 6.5 மில்லி கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்தும் இமையில் துளி மாற்றமில்லை.

புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனபோதுதான் தவறு புரிந்தது. வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும், அதனால் அளவு கூடுதலாக வேண்டும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் அவளுக்கு ஏறத்தாழ 9 மில்லி. குறைந்த அளவு புழுவைக் கொல்லாது, பழக்கப்படுத்தும். பரிசோதனையில் முட்டை ஏராளமாக இருந்ததால் அவர் மருந்தையே மாற்றி, லெவமிசோல் கொடுத்தார். அதில் அளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்பதால் தராசில் நிறுத்தியே கொடுத்தோம். அவளை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கொட்டகையிலேயே வைத்து அகத்திக்கீரையும் பிண்ணாக்கும் கொடுத்தேன். இரத்தம் குறைந்த ஆட்டை நெடுந்தூரம் நடத்தினால் வழியிலேயே விழுந்துவிடும். புழு செத்தாலும் இரத்தம் ஊற நாளாகும், இமை சிவக்க மூன்று வாரம் ஆனது. அதனால் நான்காம் நாளே வெளிறியிருக்கிறதென்று மறுபடி மருந்து ஊற்றாதீர்கள்.

இமை இரத்தசோகையை மட்டுமே காட்டும். உண்ணி, பேன், ஈரல் தட்டைப்புழு இருந்தாலும் வெளிறும். கண்நோய் வந்த ஆட்டுக்கு இரத்தம் குறைந்திருந்தாலும் சிவப்பாகத் தெரியும். கழிச்சலோடு மெலியும் குட்டிக்கு இமை நன்றாகவே இருக்கலாம், அதற்குப் புழுக்கைப் பரிசோதனைதான் வழி. சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கரு பாதிக்கப்படும். கிடாவோடு விட்ட தேதியை நான் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.