ஐஸ் தொட்டியா, மத்தியானத் தூக்கமா?

கேள்வி: சார், எனக்கு 24 வயது, எடை 62 கிலோ. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்கப் பதினொன்று ஆகும். மத்தியானம் போன் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு மார்த்தாண்டத்தில் ஜிம். சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று. மூன்று மாதமாகத் தூக்கும் எடை ஏறவில்லை, கால் வலி விடுவதில்லை. ஐஸ் பாத், சானா சேர்த்து மாதம் 2,500 ரூபாய் என்கிறார்கள். மசாஜ் கன்னும் வாங்கச் சொல்கிறார்கள். எதை முதலில் எடுக்கலாம்?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம். அதிலும் ஐஸ் பாத் உங்களுக்கு வெறும் வீண் செலவு மட்டுமல்ல, நீங்கள் ஜிம்முக்குப் போகும் காரணத்தையே அது கொஞ்சம் கெடுக்கும்.

குளிர்ந்த நீரில் உட்கார்ந்தால் மறுநாள் வலி குறைவாகத் தெரியும் என்பது உண்மைதான். பல சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அப்படித்தான் வந்தது. ஆனால் வலி குறைவதும் தசை வளர்வதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடை தூக்கும் இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தது. இன்னொரு குழு மெதுவாக சைக்கிள் மிதித்தது. முடிவில் தசையும் பலமும் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் அதிகம் கூடியிருந்தன. எடை தூக்கியபின் தசைக்குள் இரத்த ஓட்டம் கூடி, கட்டுமான வேலை தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் குளிரவைத்தால் அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. பிறகு நெதர்லாந்தில் ஒரே ஆளின் ஒரு காலைக் குளிர்நீரிலும் மறு காலை 30 டிகிரி நீரிலும் வைத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட புரதம் குளிர்ந்த காலின் தசையில் குறைவாகவே சேர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஆய்வு இன்னொன்று. குளிர்நீரோடு ஒப்பிட, ஒரு குழுவை உடல் சூட்டுக்கு நெருக்கமான நீரில் உட்காரவைத்து, 'களைப்பைப் போக்கும் விசேஷ எண்ணெய்' என்று சொல்லி ஏதோ ஊற்றினார்கள். உண்மையில் அது சாதாரண சோப்புத் திரவம். ஆனாலும் அந்தக் குழு குளிர்நீர்க் குழுவைப் போலவே மீண்டது. ஐஸ் தொட்டியிலிருந்து எழுந்து 'புது ஆளாயிட்டேன்' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் புத்துணர்ச்சியில் நம்பிக்கைக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே டிரம்மில் செய்யலாமே என்று தோன்றினால் கணக்கைப் பாருங்கள். நம் ஊர்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி இருக்கும். 200 லிட்டரை 12 டிகிரிக்கு இறக்கவே 35 கிலோ ஐஸ் வேண்டும். நீங்கள் உள்ளே இறங்கினால் உங்கள் உடம்புச் சூடும் அதில் சேரும். குளச்சல் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸைத்தான் சுமந்து வர வேண்டியிருக்கும். திற்பரப்பு அருவி குளுகுளு என்று இருக்குமே தவிர, இந்த அளவுக்குக் குளிராது. அதனால் அங்கே குளிப்பதால் தசைக்குக் கெடுதல் வரும் என்று பயப்பட வேண்டாம்.

ஐஸ் பாத்துக்கு ஒரு இடம் உண்டு. இன்று ஒரு மேட்ச், நாளை காலை அடுத்த மேட்ச் என்று கால்பந்துப் போட்டி ஆடுகிறவருக்கு, தசை வளர்வதைவிட நாளை கால் ஓடுவதுதான் முக்கியம். அவர் 10 முதல் 15 டிகிரியில் 10 நிமிடம் உட்காரட்டும். திடீரென்று இறங்கக் கூடாது, தனியாகவும் கூடாது. குளிர் பட்டதும் மூச்சு வாரிக்கொண்டு வரும், இதயத் துடிப்பு எகிறும். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இது வேண்டாத வேலை.

சரி, நீங்கள் தூக்கும் எடை ஏன் ஏறவில்லை? கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பதினொன்றுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். அமெரிக்காவில் உடல் எடை குறைக்க உணவைக் குறைத்த 10 பேரை, இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்தார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய 3 கிலோ குறைந்தது. அதிகம் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. குறைவாகத் தூங்கியபோது கொழுப்பு 0.6 கிலோ மட்டுமே. மீதி தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை. உங்கள் நிலைமை அப்படியே அதுவல்ல, நீங்கள் டயட் இருக்கவில்லை. ஆனாலும் உடம்பு எதை இழக்கிறது என்பதைத் தூக்கம் மாற்றுகிறது என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

பால்வெட்டை விடிந்தபின் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் ஜிம்மை நகர்த்துங்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை உறங்குங்கள், போன் வேறு அறையில் இருக்கட்டும். நாலரைக்கு ஜிம், ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குப் படுக்கை. இரவில் ஆறரை, பகலில் ஒன்றரை, ஆக எட்டு மணி நேரம். மழையில் வெட்டு இல்லாத நாளில் ராத்திரி நெடுநேரம் விழித்திருக்கவும் வேண்டாம். அப்புறம் இரண்டு நாள் அதைச் சரிக்கட்டவே போய்விடும்.

அடுத்தது சாப்பாடு. எடை தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பயன் தெரிகிறது. உங்களுக்கு அது ஏறக்குறைய 100 கிராம். மரச்சீனியும் குழம்பில் இரண்டு துண்டு மீனும், மத்தியானம் சோறும் என்றால் 50 கிராம் தாண்டுவதே கஷ்டம். மரச்சீனியில் புரதம் ஏறக்குறைய இல்லை. அதைக் குறைக்கச் சொல்லவில்லை, உழைப்புக்கு மாவுச்சத்து வேண்டும். கூடச் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள். இரண்டு முட்டை 12 கிராம். கஞ்சியோடு ஒரு கைப்பிடிக்கு மேல், 50 கிராம் சிறுபயறு, இன்னொரு 12. ராத்திரி கூடுதலாக 100 கிராம் சாளை, 20. இரவில் ஒரு டம்ளர் பால், 7 அல்லது 8. மீன் விலை ஏறிய நாளில் பயறைக் கூட்டிக்கொள்ளலாம். வெறும் கட்டன் சாயாவோடு மேடு பள்ளம் ஏறி இறங்குவதை நிறுத்துங்கள். கிளம்பும்போது இரண்டு மட்டிப்பழமாவது உள்ளே போகட்டும்.

சானாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்லாந்தில் சானாவுக்கு அடிக்கடி போகும் ஆண்களுக்கு இதய நோய் மரணம் குறைவு என்று ஒரு நீண்ட கண்காணிப்பு உண்டு. ஆனால் அது களைப்பாறுவதைப் பற்றியதல்ல, சானாதான் காரணம் என்று நிரூபிக்கவும் இல்லை. தோட்டத்திலேயே சட்டை நனைய வேர்க்கிறவர் மேலும் வேர்க்கக் காசு கொடுப்பானேன்? வெளியே வந்து எடை பார்த்தால் குறைந்திருப்பது தண்ணீர்தான்.

மசாஜ் கன் மூன்றில் தொந்தரவு குறைந்தது. ஒரு தசையில் ஓரிரு நிமிடம் ஓட்டினால் சிறிது நேரம் இறுக்கம் தளரும், மூட்டு கொஞ்சம் கூடுதலாக வளையும். பலத்தைக் கூட்டாது. நண்பரிடம் இருந்தால் வாங்கிப் பயன்படுத்துங்கள், கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் வேண்டாம், எலும்பு மேலும் வேண்டாம். வலிக்கிற இடத்தில் நெடுநேரம் அழுத்தித் தசையே சிதைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் பற்றி மருத்துவ இதழில் பதிவு உண்டு.

நாலு வாரம் இப்படி இருந்து, ஒவ்வொரு தடவை தூக்கிய எடையையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை ஒன்றிரண்டு கூட ஏறவில்லை என்றால் பயிற்சித் திட்டத்தில்தான் கோளாறு, கோச்சிடம் அதைக் கேளுங்கள். கால் வலி இரண்டு பக்கமும் பொதுவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே மூட்டில் குத்தினாலோ, வீங்கினாலோ, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.