பெர்ஃப்யூம் மணம் ஏன் நேரம் போகப் போக மாறுகிறது?

"கடையில் எலுமிச்சை மாதிரி இருந்த பெர்ஃப்யூம் வீட்டுக்கு வந்ததும் வெனிலா மாதிரி மணக்கிறது. டாப், ஹார்ட், பேஸ் நோட் என்பது இதுதானா?"

ஆமாம், அதேதான். எல்லா மணப்பொருளும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

1925-இல் கெர்லான் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட ஷாலிமார் பெர்ஃப்யூமை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் அடித்ததும் முகத்தில் அடிப்பது பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தோலின் எண்ணெய். அதன் மூலக்கூறுகள் லேசானவை, உடல் சூட்டில் கால் மணி, அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் பறந்துவிடும். இதுதான் டாப். அப்புறம் ரோஜாவும் மல்லிகையும் மேலெழுந்து சில மணி நேரம் நிற்கும், அது ஹார்ட். கடைசியில் வெனிலா, அது பேஸ். கனமான பொருள் என்பதால் மெதுவாகத்தான் ஆவியாகும், மறுநாள் காலையில்கூட சட்டையில் இருக்கும்.

ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதாக நினைக்காதீர்கள். வெனிலா முதல் நொடியிலிருந்தே அங்கே இருக்கிறது, பெர்கமாட்டின் வேகம் அதை மறைக்கிறது. கொலோன் வகைகளில் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள்தான், அதனால்தான் அவை சீக்கிரம் காணாமல் போகின்றன. அது போலி என்று அர்த்தமில்லை.

வாங்கும்போது கடையில் முகர்ந்து பார்க்கத் தரும் காகிதப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள், அதில் தோலின் சூடு இல்லாததால் மாற்றம் மெதுவாக நடக்கும். மணிக்கட்டில் ஒருமுறை அடித்துவிட்டு வெளியே போய், மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது அந்த மணம்தான்.