தாத்தாவுக்குக் கோயில், பேத்திக்குப் படகு, குழந்தைக்குத் தூக்கம்: பயணக் கேள்விகளும் பதில்களும்

மூன்று தலைமுறையும் ஒன்றாகக் கிளம்பும் பயணங்களைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில், எந்த ஊருக்குப் போவது என்பதைவிட எந்த மணிக்கு யார் எங்கே இருப்பது என்பதில்தான் சிக்கல் அதிகம் தெரிகிறது. ஆகவே பதில்களிலும் கடிகாரத்தையே முன்வைத்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். மாமனாருக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. மாமியாருக்கு மூட்டு வலி. இருவரும் சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசிக்க விரும்புகிறார்கள். என் பிள்ளைகள் இருவரும் (15, 13 வயது) பிச்சாவரத்தில் படகில் போக வேண்டும் என்கிறார்கள். நாத்தனாரின் குழந்தைக்கு இரண்டு வயது. இரண்டு இடங்களும் ஒரே நாளில் முடியுமா? (கடலூர், மஞ்சக்குப்பம்)

பதில்: முடியும், ஆனால் கோயிலைத்தான் முதலில் வைக்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், அங்கிருந்து பிச்சாவரம் இன்னும் 15 கிலோமீட்டர். கோயில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மறுபடி திறக்கும் என்பதால், பிள்ளைகளின் விருப்பப்படி முதலில் படகுக்குப் போனால், பெரியவர்கள் வாசலிலேயே மாலைவரை காத்திருக்க நேரும்.

இதைவிட முக்கியமான காரணம் உங்கள் மாமனாரின் பாதங்கள். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெயிலில் காய்ந்த கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது சூடு அவர்களுக்கு உறைக்காது, வீட்டுக்கு வந்தபின்தான் உள்ளங்காலில் கொப்புளம் தெரியும். கோடைக்காலத்தில் பத்து மணிக்கே பிராகாரத்தின் திறந்தவெளித் தளம் கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, ஏழு மணிக்குள் கோயிலுக்குள் இருங்கள். கோயில் பரப்பு மிகப் பெரியது. எந்தக் கோபுர வாசலில் இறங்கினால் மாமியாருக்கு நடை குறையும் என்று ஓட்டுநரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் மாமனாரின் உள்ளங்கால்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தரிசனத்துக்காக வெறும் வயிற்றில் நெடுநேரம் இருக்கக் கூடாது. மருந்தும் சாப்பாடும் எந்த நேரத்தில் என்பதை முந்தின வாரமே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் எட்டே முக்காலுக்கு எல்லோரும் டிபனுக்கு உட்கார்ந்துவிட வேண்டும்.

அதன்பின் குடும்பம் இரண்டாகப் பிரியட்டும். சிதம்பரத்தில் கீழ்த்தளத்தில், மேற்கத்தியக் கழிப்பறை உள்ள ஓர் அறையைப் பகல் பொழுதுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் நாத்தனாரும் குழந்தையும் அங்கே இளைப்பாறலாம். இந்தச் செலவை வீண் என்று பலர் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அன்றைய செலவுகளில் இதைத்தான் கடைசியாகக் குறைக்க வேண்டும். நீங்களும் கணவரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒன்பதரைக்குப் பிச்சாவரம் கிளம்பினால், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் படகில் ஏறிவிடலாம். துடுப்புப் படகையே கேளுங்கள். வேர்கள் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும், மோட்டார் படகு அகலமான நீர்வழியிலேயே சுற்றிவரும். ஞாயிறு, விடுமுறை நாள்களில் சீட்டு வாங்கவே நேரம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல், வெள்ள எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அந்த மாதங்களில் முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் சிதம்பரத்தில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, குழந்தை அறையில் தூங்கி எழுந்தபின் மூன்று மணிக்குப் புறப்படுங்கள். குழந்தையை வண்டியிலேயே தூங்கவைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிப்பதில்லை. வண்டி நின்றதும் விழித்துக்கொண்டு, அரைகுறைத் தூக்கத்தில் மாலைவரை அழும். அந்த அழுகையில்தான் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாக்குவாதம் தொடங்கும்.

கேள்வி: எங்கள் 16 வயது மகன் எந்தக் குடும்பப் பயணத்துக்கும் வர மறுக்கிறான். கட்டாயப்படுத்தலாமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: கூப்பிட வேண்டும், ஆனால் பயணத்தில் ஓர் அரை நாளை முழுவதுமாக அவன் பொறுப்பில் விட்டுவிடுங்கள். இடம், நேரம், செலவுக்கு ஒரு வரம்பு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் திருத்தாதீர்கள். குடும்பத்துச் சிறு குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வேலையை நாள் முழுவதும் அவனிடம் தள்ளுவதும் மறுப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதை நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சேலத்திலிருந்து என் அண்ணன் குடும்பம் புதுச்சேரிக்கு மூன்று நாள் வருகிறது. அப்பா, அம்மா அரவிந்தர் ஆசிரமம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அண்ணன் மகளுக்கு 17 வயது, கடலில் அலைச்சறுக்கு கற்க ஆசை. என் குழந்தைக்கு இரண்டரை வயது. எல்லோரையும் எங்கும் சேர்த்தே அழைத்துப்போக நினைக்கிறேன். (புதுச்சேரி, லாஸ்பேட்டை)

பதில்: எங்கும் சேர்த்தே என்பதை விட்டுவிடுங்கள். ஆசிரமத்துக்குள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. எனவே அங்கே எப்படியும் பிரிந்துதான் ஆக வேண்டும். காலையில் எல்லோரும் மணக்குள விநாயகரைத் தரிசித்தபின், பெற்றோர் சிறிது தூரத்திலுள்ள ஆசிரமத்துக்குப் போகட்டும். நீங்கள் குழந்தையோடு பாரதி பூங்காவின் மர நிழலில் இருங்கள்.

அலைச்சறுக்குப் பயிற்சிக்கும் காலைதான் ஏற்றது. பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து அலை கலைந்துவிடும். ஆகவே அதை வேறொரு நாள் காலைக்கு ஒதுக்குங்கள். மகளுக்கு 18 வயது ஆகாததால், பயிற்சியாளரிடம் ஒப்புதல் சொல்ல அண்ணனோ அண்ணியோ உடன் போவது நல்லது. அன்று பெரியவர்கள் வீட்டிலேயே நிதானமாக இருக்கட்டும்.

மாலையில் கடற்கரைச் சாலைதான் மூன்று தலைமுறைக்கும் பொதுவான இடம். மாலையில் அங்கே வாகனங்களை விடுவதில்லை என்பதால், முட்டி வலி உள்ளவர்களை அதற்கு முன்பே காந்தி சிலைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு உட்காரவையுங்கள். திரும்பும்போது எந்தக் குறுக்குத் தெருவில் ஆட்டோ நிற்கும் என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும். கடலோரம் போட்டிருக்கும் பாறைகளில் குழந்தை ஏறப் பார்க்கும். அங்கே ஒரு பெரியவரின் கை எப்போதும் அதன்மேல் இருக்கட்டும்.

கேள்வி: விழுப்புரத்திலிருந்து இரவு ரயிலில் ஏழு பேர் போகிறோம். சென்றமுறை 68 வயது அப்பாவுக்கு மேல் படுக்கை கிடைத்துவிட்டது. தவிர்ப்பது எப்படி? (பண்ருட்டி)

பதில்: குடும்பம் முழுவதையும் ஒரே சீட்டில் பதிவு செய்ததுதான் காரணமாக இருக்கும். முன்பதிவுத் திரையில் LOWER BERTH/SR.CITIZEN என்ற தனி ஒதுக்கீடு உண்டு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் உரியது. ஒரு சீட்டில் அத்தகையவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே அப்பா, அம்மா இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு சீட்டும் மற்றவர்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் இன்னொரு சீட்டும் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு பெட்டிகளில் விழக்கூடும் என்பதுதான் இதிலுள்ள குறை. பயண நாளுக்கு 60 நாள் முன்பு பதிவு திறக்கும் காலையிலேயே இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தால் ஒரே பெட்டியில் கிடைக்க வாய்ப்பு கூடும். அப்படியும் பிரிந்துவிட்டால், பதின்ம வயதுப் பிள்ளை ஒருவரை இரவு சாப்பாடு முடியும்வரை அவர்களோடு இருக்கச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் சீட்டு தேவையில்லை. ஆனால் அது தாயோடுதான் படுக்கும் என்பதால், பொதுச் சீட்டில் கிடைக்கும் கீழ்ப் படுக்கையை அவருக்கே விட்டுக்கொடுங்கள்.