போனது 200, வந்தது 188: மீதி 12 எங்கே?

"சின்ன அளவில் டெக்கரேஷன் வேலை செய்கிறேன். சொந்தமாக 200 சேர், அதற்குக் கவர், டேபிள் துணி, கொஞ்சம் சமையல் பாத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் ஏதாவது குறைகிறது. கேட்டால், 'எல்லாம் கொடுத்துட்டோமே' என்கிறார்கள். நோட்டில் எழுதத்தான் செய்கிறேன். எங்கே தப்பு?"
– ஒரு வாசகி, திண்டுக்கல்

எண்ணுகிற இடத்தில்தான் கோளாறு இருக்கும். பெரும்பாலும் குடோனில் ஏற்றும்போது ஒருமுறை, மறுநாள் அங்கேயே இறக்கும்போது ஒருமுறை எழுதுவோம். நடுவில் லோடு ஆட்டோ, மண்டபம், சமையல்கட்டு என்று பொருள் பல கை மாறிவிடும். எங்கே குறைந்தது என்று உங்களுக்கே தெரியாதபோது பார்ட்டியிடம் எப்படிக் காசு கேட்பது? மண்டபத்தில் இறக்கியதும் எண்ணி, ஒரு சீட்டில் எழுதி, பார்ட்டி வீட்டில் ஒரே ஒரு ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்ததும் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அதே ஆளை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். மாப்பிள்ளையின் அப்பா வேண்டாம், அவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. பந்தி, பொருள் என்று ஓடிக்கொண்டிருக்கும் சித்தப்பாவோ மாமாவோ எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவர்தான் சரி.

ஒவ்வொன்றாக எண்ணினால் நேரம் போதாது, அடுத்த பார்ட்டிக்கு மண்டபம் விடச் சொல்லி மேனேஜர் வாசலில் நிற்பார். அதனால் எல்லாமே பத்துப் பத்தாகப் போகட்டும். கவர் பத்து மடித்து ஒரு நாடாவால் கட்டினால் 200 கவர் 20 கட்டு, சேரும் பத்துப் பத்தாக அடுக்கு. திரும்பும்போதும் கட்டிய பிறகுதான் சாக்கில் போட வேண்டும் என்று பையன்களிடம் சொல்லிவிடுங்கள். 18 கட்டும், ஒரு கட்டில் எட்டும் வந்தால் 12 குறைகிறது என்று மண்டபத்திலேயே தெரிந்துவிடும், தேடவும் நேரம் இருக்கும். மணப்பெண் அறைக்கு இழுத்துப்போட்ட சேர்களில் நாலு அப்படியே இருக்கும். சமையல்கட்டில் சூடான குண்டானைப் பிடித்து இறக்க மடித்து வைத்துக்கொண்டது ஐந்து (நிஜமாகவே, பிடிதுணிக்கு உங்கள் சாட்டின் கவர்தான் அவர்கள் கைக்கு முதலில் கிடைக்கும்). ஆக, கிடைக்காதது மூன்று. அந்த மூன்றுக்கு மட்டும் அங்கேயே சீட்டில் எழுதி, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கு, தொலைந்தால் ஒன்றுக்கு என்ன விலை என்று சீட்டில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் "இந்தத் துணிக்கா இவ்வளவு" என்று பேச்சு வளரும்.

சேர் தொலைவதைவிட மாறுவதுதான் அதிகம். மண்டபத்துச் சேரும் உங்கள் சேரும் ஒரே நிறமாக இருந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் கால் விரிசல் விட்ட சேர்கள் உங்கள் வண்டியில் வந்திருக்கும். சேருக்கு அடியில் பெயின்டில் உங்கள் எழுத்தைப் போட்டுவிடுங்கள். கரண்டிக்கும் இதே கதைதான், சமையல் மாஸ்டர் தன் கரண்டிகளைக் கொண்டுவருவார், கழுவும்போது எல்லாம் ஒரே குவியல். காம்பில் எழுத்து வெட்டி வைத்தால் சண்டை இல்லை. அண்டா ஒரு வரி, அதன் மூடி தனி வரி என்று எழுதுங்கள், அண்டா வந்து மூடி வராமல் போவது சகஜம். சின்ன ஸ்பூனை எண்ணவே வேண்டாம்: ஒரே அளவு ஸ்பூனில் 50 எடுத்து எடை போட்டு வைத்துக்கொண்டால், மீதியைத் தராசே சொல்லிவிடும்.

துணிக்கு மட்டும் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். சேர் திரும்பி வந்தால் மறுநாளே போகலாம், துணி சலவைக்குப் போய் வர வேண்டும். ஞாயிறு முகூர்த்தத்துக்கு 150 கவர் போகிறது, திங்கள் முகூர்த்தத்துக்கு 120 கேட்கிறார்கள் என்று வையுங்கள். நோட்டில் எல்லாம் திரும்பி வந்ததாக இருக்கும், கையில் இருப்பது 50தான். "குடோன், விசேஷம், சலவை" என்று மூன்று கட்டம் போட்டு, மூன்றையும் கூட்டினால் எப்போதும் 200 வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய துணியை இரண்டு நாளைக்குப் புக் செய்யாதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று நாள். சலவைக்காரருக்கும் எண்ணித்தான் கொடுக்க வேண்டும், அவரிடமும் ஒரு சீட்டு இருக்கட்டும்.

அப்புறம், ஈரத்தோடு சாக்கில் கட்டி இரவு முழுக்க விட்டால் கரும்புள்ளி விழும், அது போகாது. மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறினால், துணி கெட்டது என்று பார்ட்டியிடம் காசு பிடித்துவிடாதீர்கள். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். அதனால் கறைக்கான கணக்கைச் சலவைக்கு அப்புறம் முடியுங்கள், எண்ணிக்கைக் கணக்கை மண்டபத்திலேயே முடித்துவிடுங்கள்.