ருமாட்டிக் காய்ச்சலுக்குப் போடும் பெனிடியூர் ஊசியை வேகமாகப் போட்டால் என்ன?

கேள்வி: "மகளுக்கு வயது 14, எடை 38 கிலோ. 21 நாளைக்கு ஒரு முறை பெனிடியூர். நர்ஸ் ஊசியை அவ்வளவு மெதுவாகப் போடுகிறார், பிள்ளை துடிக்கிறாள். சீக்கிரம் போடச் சொல்லலாமா? அலர்ஜி பயமும் இருக்கிறது."

நான் இதய வார்டு நர்ஸ். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த மருந்து தண்ணீரில் கரையாது. தூளில் ஊசித் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி ஆகும், அவ்வளவுதான். துகள்கள் அப்படியே மிதக்கும். அவை தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வாரக்கணக்கில் பென்சிலினை விடுவதால்தான் தினமும் மாத்திரை தேவைப்படுவதில்லை. தொண்டையில் மறுபடி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து இதய வால்வைக் கெடுக்காமல் இருப்பது இதனால்தான்.

உங்கள் மகளின் எடைக்கு 12 லட்சம் யூனிட். கெட்டியான மருந்தை வேகமாகத் தள்ளினால் தசை சட்டென்று விரிந்து வலி கூடும். அதனால் இரண்டு மூன்று நிமிடம் எடுத்து, ஒரே சீராகத் தள்ளுகிறோம். நடுவில் நிறுத்தினாலும் துகள் படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும். அப்புறம் வேறு ஊசி மாற்றிக் குத்த வேண்டியதுதான். பிட்டத்தின் மேல் வெளிப்பக்கத்தில் ஆழமாகக் குத்தி, முதலில் பிஸ்டனை இழுத்துப் பார்ப்போம். ரத்தம் வந்தால் அந்த இடத்தில் போட மாட்டோம், ஏனென்றால் ரத்தக் குழாய்க்குள் இது போனால் இதயமே நின்றுவிடக்கூடும்.

வலி குறைய, குளிர்ந்த மருந்தை உள்ளங்கையில் உருட்டி அறைச் சூட்டுக்குக் கொண்டுவருவோம். குத்துமுன் அந்த இடத்தைக் கட்டை விரலால் பத்து நொடி அழுத்துவதும் உதவும். நீங்கள் செய்ய வேண்டியது, அவளைச் சாப்பிட வைத்து, தண்ணீர் குடிக்க வைத்துக் கூட்டிவருவது. படுத்த நிலையிலேயே போடச் சொல்லுங்கள்.

அலர்ஜி அபூர்வம்தான். ஆனால் டெஸ்ட் டோஸில் ஒன்றும் வரவில்லை என்பதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம் வந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் போட வேண்டும். அவள் எடைக்குச் சுமார் 0.4 மில்லி. அது எடுக்கத் தயாராக மேசை மேல் இருக்கிறதா என்று நீங்களே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகி, படுத்ததும் தெளிந்தால் அது பெரும்பாலும் பயத்தில் வரும் மயக்கம்.

வால்வு மிகவும் பழுதாகி, மூச்சுத்திணறலோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கதை வேறு. அந்த மயக்கமே அவர்கள் இதயத்துக்கு ஆபத்தாகலாம் என்பதால், டாக்டர் தினசரி மாத்திரைக்கு மாற்றுவதுண்டு. மகளின் எக்கோ ரிப்போர்ட்டோடு இதை அவரிடம் ஒரு முறை கேளுங்கள்.