0.122 நல்ல ஸ்கோரா?

வணக்கம் ஐயா,

ஆன்லைன் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எந்தப் பார்சல் ரிட்டர்ன் ஆகும் என்று நிகழ்தகவு சொல்லும் மாடல் செய்திருக்கிறேன். ரிட்டர்ன்கள் குறைவு என்பதால், பயிற்சித் தரவில் ஒவ்வொன்றையும் மூன்று முறை சேர்த்தேன். சோதனைக்கு ஒதுக்கிய 1000 பார்சல்களில் 150 திரும்பின. பிரையர் ஸ்கோர் 0.122. பூஜ்யத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே? ஆனால் கிடங்கில், "நீங்க சொன்ன அளவுக்குத் திரும்பி வரலையே" என்கிறார்கள். கோப்பை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

கிடங்கில் சொல்வதுதான் சரி. உங்கள் கோப்பைத் திறந்ததும் ஆயிரம் நிகழ்தகவுகளையும் கூட்டிப் பார்த்தேன். 282 வந்தது. அதாவது 282 பார்சல் திரும்பும் என்று மாடல் சொல்லியிருக்கிறது, வந்தது 150. எந்த ஸ்கோரையும் பார்ப்பதற்கு முன் நான் செய்வது இந்தக் கூட்டலைத்தான்.

அப்புறம் 0.122. அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர், மழை முன்னறிவிப்புகளைச் சோதிக்க 1950-இல் முன்வைத்த அளவு இது. சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லையென்றால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி சராசரி எடுக்கிறோம். 0.9 என்று சொன்ன பார்சல் திரும்பினால் 0.01, திரும்பாவிட்டால் 0.81. மனதில் இருப்பதைவிடக் கூட்டியோ குறைத்தோ சொல்லி இதில் லாபம் பார்க்க முடியாது. அதனால்தான் இதை நம்புகிறோம்.

ஆனால் தனியாக நிற்கும் பிரையர் ஸ்கோருக்கு அர்த்தம் இல்லை. மாடலே இல்லாமல் எல்லாப் பார்சலுக்கும் 0.15 என்று எழுதி வைத்தாலே 0.15 × 0.85 = 0.1275 கிடைத்துவிடும். அரிதாக நடக்கும் விஷயங்களில் ஸ்கோர் எப்போதுமே சின்னதாகத்தான் தெரியும். உங்கள் உழைப்பு அதிலிருந்து 0.0055 மட்டுமே குறைத்திருக்கிறது. கோளாறு எங்கே என்று ஸ்கோர் சொல்லாது, அட்டவணை சொல்லும். நிகழ்தகவுகளை ஐந்து கட்டமாகப் பிரித்தேன்.

| சராசரியாகச் சொன்னது | பார்சல் | திரும்பியது | உண்மை விகிதம் |
|---|---|---|---|
| 0.1 | 500 | 20 | 0.04 |
| 0.3 | 250 | 30 | 0.12 |
| 0.5 | 130 | 35 | 0.27 |
| 0.7 | 80 | 36 | 0.45 |
| 0.9 | 40 | 29 | 0.725 |

கடைசிப் பத்தியைப் பாருங்கள். மேலிருந்து கீழே வரிசையாக ஏறுகிறது. எது அதிகம் திரும்பும், எது குறைவு என்று மாடலுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. சொல்லும் எண்தான் எல்லாக் கட்டத்திலும் தூக்கலாக இருக்கிறது. வரிசையை மட்டும் பார்க்கும் ஏ.யூ.சி. போன்ற அளவுகளில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

கடைசிக் கட்டத்தில் 40 பார்சல்தானே, தற்செயலாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். உண்மை நிகழ்தகவு 0.9 என்றால் 40 பார்சலில் விகிதம் 0.05 அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். 0.725 அதற்கு மிகவும் வெளியே. அந்தக் கட்டத்தில் வெறும் 10 பார்சல் இருந்து 7 திரும்பியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். ரிட்டர்னை மும்மடங்காக்கியதும், திரும்புவதற்கும் திரும்பாததற்கும் உள்ள விகிதம் (ஆட்ஸ்) மூன்று மடங்காகிவிட்டது. மாடல் அந்த உலகத்தைத்தான் படித்திருக்கிறது. அதே மூன்றால் திருப்பி வகுத்தால் போதும்:

```python
p2 = p / (p + 3 * (1 - p))
```

0.5 இப்போது 0.25 ஆகிறது, 0.7 என்பது 0.44, 0.9 என்பது 0.75. அட்டவணையின் கடைசிப் பத்தியோடு வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அப்படியே உட்காருகிறது. ஸ்கோரும் 0.099 பக்கம் இறங்குகிறது. 0.122-இல் 0.023 இந்த வீக்கத்தால் மட்டும் வந்தது.

காரணம் தெரியாத இடத்தில், நடந்ததைப் பார்த்து நிகழ்தகவைத் திருத்தக் கற்றுக்கொள்ளும் பிளாட் முறை, ஐசோடானிக் முறை என்று உண்டு. ஐசோடானிக் முறைக்கு நிறைய தரவு வேண்டும். மேல்கட்டத்தில் 40 பார்சலை வைத்துக்கொண்டு அதைத் தொட வேண்டாம். எந்த முறையானாலும், திருத்தத்தைக் கற்ற தரவிலேயே அட்டவணை போட்டுப் பார்த்தால் அது அழகாகத்தான் வரும். வேறு மாதத்துப் பார்சல்களில் பாருங்கள்.

அட்டவணை பொருந்துவதை மட்டும் வைத்தும் திருப்தி அடைய வேண்டாம். எல்லாவற்றுக்கும் 0.15 என்று சொல்லும் மாடலும் அட்டவணையில் கச்சிதமாகப் பொருந்தும். எந்தப் பார்சலையும் பிரித்துக் காட்டாது. அதனால் ஸ்கோரை 0.1275-ஓடும், அட்டவணையைத் தனியாகவும் பாருங்கள்.

திருத்திய பிறகு இன்னொன்றும் செய்யுங்கள். முன்பணம் கட்டியவை, கேஷ் ஆன் டெலிவரி என்று பிரித்து இரண்டு அட்டவணை போடுங்கள். ஒன்றில் கூட்டியும் மற்றதில் குறைத்தும் சொல்லியிருந்தால், மொத்த அட்டவணையில் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.